செயலி காட்டும் வருமானமும் கையில் நிற்கும் வருமானமும்

உங்கள் மகன் காட்டிய டெலிவரி செயலியின் ஸ்க்ரீன்ஷாட்டில் வாரத்துக்கு 5,300 ரூபாய் என்று இருந்தது, லாகின் நேரம் 48 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 110 ரூபாய். படித்துக்கொண்டே இவ்வளவு வருமென்றால் முழுநேரமாகவே டெலிவரி ஓட்டலாமே என்று அவன் கேட்பதும், அதைக் கேட்டு நீங்கள் கலங்குவதும் இயல்புதான். அவன் ஓட்டலாமா கூடாதா என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் அந்த 110 சரியான எண்ணா என்று பார்த்துவிடலாம். கீழே உள்ள விலைகளும் கிலோமீட்டர்களும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஆன்லைன் பட்டனைத் தட்டியதிலிருந்து அணைக்கும்வரை மட்டும்தான் செயலிக்கு நேரம். வீட்டிலிருந்து ஆர்டர் விழும் இடத்துக்குப் போவதும், கடைசி டிராப்பிலிருந்து வெறும் கையோடு வீடு திரும்புவதும் அதில் வராது. சில செயலிகள் ஆர்டர் கையில் இருக்கும் நேரத்தை மட்டும் தனியாகக் காட்டும். அதை வைத்து வகுத்தால் எண் இன்னும் பெரிதாகத் தெரியும். வாசலைத் தாண்டிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் தினமும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வாரத்தில் 6 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்றால் 54 மணி. வகுக்க வேண்டிய எண் இதுதான்.

அடுத்தது தூரம். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். அவன் வண்டி ஓடிய தூரத்தைச் செயலியில் தேட வேண்டாம், ஓடோமீட்டரில் பாருங்கள். திங்கள் காலை ஒரு படம், ஞாயிறு இரவு ஒரு படம் எடுத்தால் போதும். அந்த வாரத்தில் 108 ஆர்டர். செயலிக் கணக்கில் 430 கிலோமீட்டர், மீட்டரில் 660. நடுவில் உள்ள 230 கிலோமீட்டரும் டிராப் முடிந்து கடைகள் இருக்கும் பக்கம் திரும்பியது, தெரு மாறிப் போனது, வீட்டுக்கு வந்துபோனது. அதற்குத் தனியாகக் காசு கிடையாது, ஆனால் பெட்ரோல் உண்டு.

மைலேஜையும் அளந்துதான் போட வேண்டும், விளம்பரத்தில் சொன்னதைப் போடக் கூடாது. டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 250, 300 கிலோமீட்டர் ஓடியபின் அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். நின்று நின்று போவதும், ஒன்றாம் இரண்டாம் கியரிலேயே ஊர்வதும், டயரில் காற்று குறைந்திருப்பதும் மைலேஜைத் தின்னும். 60 தரும் என்று வாங்கிய வண்டி டெலிவரியில் 44 தந்தால் வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், இந்த வேலை அப்படிப்பட்டது. 660 கிலோமீட்டருக்கு 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,500.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆயில், டயர், பிரேக், செயின் செலவும் கிலோமீட்டரோடுதான் ஓடுகிறது, பில் மட்டும் மாதம் கழித்து வருகிறது. 450 ரூபாய்க்கு ஆயில் மாற்றி 3,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. இரண்டு டயரும் 4,000 ரூபாய், 20,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால் 20 பைசா. மற்றவற்றுக்கு 25 பைசா வைத்தால் மொத்தம் 60 பைசா. வண்டியின் மதிப்பும் தேய்கிறது: 60,000 கிலோமீட்டர் ஓட்டியபின் விற்கும்போது வாங்கிய விலையில் 45,000 ரூபாய் குறையும் என்றால் கிலோமீட்டருக்கு 75 பைசா. இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 891 ரூபாய். போன் டேட்டா, இன்சூரன்ஸ் பங்கு என்று இன்னொரு 109. ஆக மொத்தச் செலவு 2,500.

5,300இல் 2,500 போனால் 2,800. அதை 54 மணியால் வகுத்தால் மணிக்கு 52 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. ஸ்க்ரீன்ஷாட் சொன்னதில் பாதிகூட இல்லை.

இன்சென்டிவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த 5,300இல் ஆர்டருக்கு 40 ரூபாய் வீதம் 4,320, டிப்ஸ் 80, மீதி 900 இன்சென்டிவ்: நாளுக்கு 18 ஆர்டர் முடித்தால் 150 என்ற ஸ்லாப். இந்த 900 ஆர்டர் காசைப் போல நிலையானது அல்ல. ஸ்லாபை நிறுவனம் எந்த வாரமும் மாற்றலாம். ஆர்டரை மறுத்தாலோ, குறிப்பிட்ட பீக் நேரத்தில் லாகினில் இல்லாவிட்டாலோ எண்ணிக்கை முடித்தும் கிடைக்காமல் போகலாம். அதனால் இன்சென்டிவ் இல்லாமலும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்: 1,900ஐ 54ஆல் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய். குடும்பச் செலவுக்கோ வண்டித் தவணைக்கோ நம்ப வேண்டிய எண் இந்த 35தான்.

ஸ்லாபைத் துரத்துவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரவு 10 மணி, 15 ஆர்டர் முடிந்துவிட்டது, இன்னும் 3 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஆர்டர் 40 நிமிடத்துக்கு ஒன்றுதான் விழுகிறது, அதாவது 2 மணி நேரம். மூன்றும் வந்தால் 120 ரூபாயும் ஸ்லாப் 150ம், ஆக 270. வீடு திரும்புவதோடு சேர்த்து 25 கிலோமீட்டர். பெட்ரோல் 1,500ஐயும் தேய்மானம் 891ஐயும் சேர்த்து 660ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 62 பைசா, எனவே செலவு 90. கையில் 180 நிற்கும், மணிக்கு 90, நல்ல வருமானம்தான். ஆனால் இரண்டே வந்தால்? 80 ரூபாய் வரவு, 19 கிலோமீட்டருக்குச் செலவு 69. இரண்டு மணி நேர உழைப்புக்கு 11 ரூபாய். இரண்டு இரவுக்கு ஒருமுறைதான் ஸ்லாப் எட்டுகிறது என்றால் சராசரி மணிக்கு 48 ஆகிவிடும். எத்தனை இரவு துரத்தினான், எத்தனை இரவு எட்டினான் என்று குறித்துவைத்தால்தான் இது தெரியும். ஒரு ஆர்டர் பாக்கி என்கிற அவசரத்தில் சிக்னலைத் தாண்டுகிறவர்களும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் தாண்டுகிறார்கள். அதை நினைத்தால் 90 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாணவனுக்கு எல்லாவற்றையும்விட உதவும் கணக்கு, நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது. மாலை 3 முதல் 6 வரை 4 ஆர்டர்: 160 ரூபாயில் சுமார் 24 கிலோமீட்டர் செலவு போனால் 73, மணிக்கு 24. இரவு 7 முதல் 10 வரை 8 ஆர்டர்: 320இல் 49 கிலோமீட்டர் செலவு போக 143, மணிக்கு 48. அதே வண்டி, அதே ஆள், இரண்டு மடங்கு வித்தியாசம். முழுநேரம் ஓட்டுவதென்றால் இந்த மாலை மாதிரியான மணிகளைத்தான் கூடுதலாகச் சேர்ப்பான். இரவு மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டினால் 18 ஆர்டர் ஸ்லாப் கிடைக்காது. ஆனால் மாலை முழுக்கப் படிக்கக் கிடைக்கும், இன்சென்டிவ் இல்லாத அந்த 35ஐவிட மணிக்கு அதிகமும் வரும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் ஐந்தே பத்திகள் போட்டு எழுதட்டும்: கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஓடோமீட்டர், பெட்ரோல் லிட்டர், துண்டு நேரத்துக்கு எத்தனை ஆர்டர். வாரம் 891 ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், அது அவன் சம்பாத்தியம் அல்ல, டயருக்கும் அடுத்த வண்டிக்கும் உரியது. இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி, டெலிவரி ஓட்டும்போது நடந்த விபத்துக்கு இழப்பீட்டை மறுக்க இடம் தரலாம். அவன் இன்னொரு நாள் ஓட்டுவதற்கு முன்பே நிறுவனத்திடமும் காப்பீட்டாரிடமும் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.