ரன் லைனா, மணிலைனா: டொரண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

"அண்ணா, டொரண்டோ வந்து மூணு மாசம் ஆகுது. ரூம்ல எல்லாரும் பேஸ்பால் பெட் கட்டுறாங்க. ப்ளூ ஜேஸ் ஜெயிக்கும்னு மணிலைன்ல -200, ரன் லைன்ல +105. ரன் லைன்தானே லாபம்? அப்புறம், பார்ட் டைம் வேலை, குளிர் ஜாக்கெட் பத்தியும் சொல்லுங்க."

வேலையும் ஜாக்கெட்டும் ரூமில் இருக்கிறவர்களே சொல்வார்கள், தம்பி. நான் பெட் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வாடகைப் பணம் போவது அதில்தான்.

-200 என்றால் 200 டாலர் கட்டினால் 100 லாபம், ஜெயித்தால் போதும். ரன் லைன் -1.5 என்றால் குறைந்தது இரண்டு ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அதற்கு +105, அதாவது 100 கட்டினால் 105 லாபம். நம் ஆட்கள் இந்த +105-ஐப் பார்த்து மயங்குகிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒன்றரை ரன் ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் பேஸ்பாலில் ஏறக்குறைய பத்தில் மூன்று ஆட்டம் ஒரே ரன்னில் முடிகிறது. பலமான அணிகளின் வெற்றிகளில் அந்தப் பங்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார். எதிரணிக்கு +170 என்று வை. -200 என்பது 200-ஐ 300-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், +170 என்பது 100-ஐ 270-ஆல் வகுத்தால் 37 சதவீதம். கூட்டினால் 103.7 வருகிறது. நூறுக்கு மேல் உள்ளது பெட் வாங்குகிறவனின் பங்கு. 66.7-ஐ 103.7-ஆல் வகுத்தால் ஜேஸ் ஜெயிக்கும் உண்மையான வாய்ப்பு 64 சதவீதம். ஆட்டம் சொந்த மைதானமான ராஜர்ஸ் சென்டரில் என்றால், அந்த வெற்றிகளில் 28 சதவீதம் ஒரே ரன்னில் வரும் என்று நான் எடுத்துக்கொள்வேன். 64-இல் 18 போக மீதி 46. ஆக, நூறு ஆட்டத்தில் 46 தடவைதான் ரன் லைன் பலிக்கும். +105-இல் கையைக் கடிக்காமல் இருக்க 49 தடவை பலிக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு நியாயமான விலை +117 அளவில். மணிலைனில் கட்டுகிற ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4 சென்ட் போகும். நீ லாபம் என்று நினைக்கிற ரன் லைனில் 6 சென்ட் போகும்.

இதே அணி வெளியூர் போய் ஆடினால் கதை மாறும். சொந்த மைதானத்து அணி கடைசியில் பேட் செய்யும். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதின் முதல் பாதி முடியும்போது 4-3 என்று முன்னால் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வித்தியாசத்தை இரண்டு ரன்னாக்க அவர்களுக்கு வாய்ப்பே வராது. சமநிலையில் பேட் செய்ய வந்தாலும், ஜெயிக்கும் ரன் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். ஹோம் ரன் அடித்தால் மட்டும் எல்லா ரன்னும் சேரும். வெளியூர் அணியோ 4-3 என்று முன்னால் இருந்தாலும் ஒன்பதாவதில் முழுசாக பேட் செய்யும். அதனால் அவர்களுக்கு 28-க்குப் பதில் 24 என்று வைப்பேன். மீதி 49. அப்போது +105 கிட்டத்தட்ட நியாயமான விலை, -200-ஐ விட நல்லது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கிடங்கில் கூட வேலை செய்த ஒரு போர்ச்சுகீசியப் பெரியவர். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் தங்கி, இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கிய காலம் அது. ரேடியோவில் ஆட்டம் ஓடும். ஒன்பதாவது வந்ததும் அவர் டேப் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இப்போது யார் பேட் செய்யவில்லை என்று பார்" என்பார். அப்போது கனடாவில் ஒற்றை ஆட்டத்துக்குச் சட்டப்படி பெட் கட்ட முடியாது, பல ஆட்டங்களைக் கோர்த்துத்தான் சீட்டு வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில்தான் அது மாறியது. நம்மில் பலர் வருஷக்கணக்காக இங்கே இருந்தும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை. நான் உட்கார்ந்து கற்றேன், அதில் எனக்குப் பெருமைதான். கற்காதவர்கள்தான் புதிதாக வருகிற பையன்களுக்கு "மைனஸ் வேண்டாம், பிளஸ் எடு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று, டோட்டலைப் பார். இரண்டு அணிக்கும் சேர்த்து 7 ரன் என்று போட்டிருந்தால் நல்ல பிட்ச்சர்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். ரன் குறைவு, ஒரு ரன் வெற்றிகள் அதிகம். அன்றைக்கு 28-ஐ 30-க்கு மேல் ஏற்று. 9.5 என்றால் இறக்கு. பெட் கட்டிய பிறகு பிட்ச்சர் மாறினால் 64 என்ற எண்ணே செல்லாது, மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சும்மா இருந்தால் கூப்பிடு, அன்றைய ஆட்டத்தின் விலையை வைத்துச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.