இரவுப் பாலைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பையனுக்கு 10 மாசம். ராத்திரி 11, 2, 4.30னு மூணு தடவை எழுந்து பால் குடிக்கிறான். வேலைக்குத் திரும்பணும், ஒரேயடியா நிறுத்திடலாமா?

பதில்: வேண்டாம்மா, மார்பு கட்டிக்கொண்டு நீதான் அவதிப்படுவாய். முதலில் 2 மணிப் பாலில் மட்டும் கை வை. பத்து நிமிடம் குடிக்கிறான் என்றால் மூன்று இரவு எட்டு நிமிடம், அடுத்த மூன்று இரவு ஆறு, அப்புறம் நான்கு. அதற்குப் பிறகு பால் இல்லாமல் தட்டித் தூங்க வைக்கலாம், அதை அவன் அப்பா செய்தால் இன்னும் நல்லது, அவரிடம் பால் வாசனை இருக்காது. மார்பு கனக்காமல் பழகியதும் 11 மணிப் பாலை நீ படுக்கப் போகும் நேரத்துக்கு முன்னே தள்ளு. 4.30 பால் கடைசி. இரவெல்லாம் நிறைந்திருக்கும் மார்பை விடியற்காலையில் அவன் காலி செய்வதுதான் உன் சுரப்பைக் காப்பாற்றும். நடுவில் காய்ச்சல் வந்தால் அப்படியே நிறுத்தி வை. எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வாரம் ஆகும்.

இன்னொன்று, இந்த வயதில் பகலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு அரைகுறையாகக் குடித்துவிட்டு ராத்திரியில் ஈடுகட்டுவார்கள். பகல் பாலை இருட்டான, சத்தமில்லாத அறையில் கொடு.

கேள்வி: பிழியாம விட்டா பால் அடுத்த வேளைக்குச் சேர்ந்து இருக்குமேன்னு துணியால இறுக்கிக் கட்டினேன். இப்போ ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்கு.

பதில்: பால் உள்ளேயே இருக்கும் என்பது சரிதான். ஆனால் மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பது குறையத் தொடங்கும், கட்டும் விழும். துணியை அவிழ்த்துவிடு. இறுக்கம் தளரும் அளவுக்கு, ஓரிரு ஸ்பூன் கையால் பிழிந்தால் போதும். முழுசாகக் காலி செய்தால் உடம்பு மறுநாளும் அதே நேரத்துக்குப் பால் தயார் செய்யும். குளிர்ந்த துணி வை, அழுத்தித் தேய்க்காதே, காலையில் அந்தப் பக்கத்தை முதலில் கொடு. சிவந்து சூடாகிக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போ. அப்போதும் பால் கொடுக்கலாம்.

கேள்வி: என் பொண்ணுக்கு 4 மாசம். அவளுக்கும் இந்த மூணு இரவுக் கணக்குதானா? ராகிக் கஞ்சி கொடுத்தா விடிய விடிய தூங்குவான்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: இல்லை, மேலே சொன்னது 10 மாதக் குழந்தைக்கு. உங்கள் மகளுக்கு இரவுப் பாலும் பசிக்குத்தான், உங்கள் சுரப்புக்கும் அது தேவை. கஞ்சியெல்லாம் 6 மாதம் முடிந்த பிறகு.

கேள்வி: இதுக்கு எதுக்குங்க இத்தனை வாரம்? வேப்பெண்ணெய் தடவினா ரெண்டே நாள்ல மறந்துடும். எங்க வீட்ல மூணு பிள்ளைக்கும் அதான்.

பதில்: அது பாலையே மறக்கடிக்கும் வழி அம்மா. முதலில் கேட்டவர் பகல் பாலைத் தொடர வேண்டும், கசப்பு ராத்திரியில் மட்டும் என்று குழந்தைக்குப் புரியாது. அதைவிட, வேப்பெண்ணெய் கைக்குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை வரலாம்.

கேள்வி: பாலை நிறுத்தி ரெண்டு வாரமாச்சு, இன்னும் 2 மணிக்கு எழுந்து உட்கார்றா. ஏன்க்கா?

பதில்: சில குழந்தைகள் அப்படித்தான். பால் நின்றதும் தூக்கமும் நீளும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பகலில் வழக்கம்போல் மூத்திரம் போகிறாளா, சாப்பிடுகிறாளா?