புடவையைத் திரும்ப எடுப்பீங்களா?

கேள்வி: இன்ஸ்டாவிலும் சொந்த வெப்சைட்டிலும் சாஃப்ட் சில்க் புடவை விற்கிறேன். வெப்சைட் செய்து கொடுத்தவர் போட்ட ரிட்டர்ன் பாலிசி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், எனக்கே புரியவில்லை. மாசம் நாலு பேராவது ‘கலர் வேற மாதிரி இருக்கு’ என்று திருப்பி அனுப்பக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் ‘நோ ரிட்டர்ன்னு போட்டுடு’ என்கிறார். நஷ்டமும் வரக்கூடாது, கடைப் பேரும் கெடக்கூடாது. என்ன எழுதட்டும்?
– ஒரு வாசகி, இளம்பிள்ளை

வீட்டுக்காரர் சொன்னபடி போடலாம், ஆனால் செல்லாது. 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி புடவை பழுதாக இருந்தாலோ, நீங்கள் காட்டியது ஒன்று, போனது வேறொன்று என்றாலோ, சொன்ன நாளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலோ, ‘திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தரமாட்டேன்’ என்று சொல்ல உங்களுக்கு வழி இல்லை. அதே சமயம், ‘பிடிக்கலைங்க, மனசு மாறிடுச்சு’ என்பவரிடம் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. அது உங்கள் இஷ்டம். உங்கள் கடை எப்படிப்பட்ட கடை என்று வாடிக்கையாளருக்குத் தெரிவதும் அந்த இடத்தில்தான்.

உங்கள் தலைவலி பாலிசியில் ஆரம்பிக்கவில்லை, போட்டோவுக்குக் கீழே நீங்கள் எழுதும் இரண்டு வரியில் ஆரம்பிக்கிறது. இரட்டைக் கலர் புடவையில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். டியூப் லைட்டில் நேராக எடுத்தால் மெரூன், ஜன்னல் பக்கம் மடிப்பைத் திருப்பினால் கத்தரிப்பூ. தறி பார்த்து வளர்ந்த நமக்கு இது சாதாரணம், சென்னையில் போனில் பார்த்து வாங்குகிறவருக்கு இது ஏமாற்று. ‘கலர் லேசா மாறலாம்’ என்று பாலிசியில் பொடி எழுத்தில் போடுவதால் ஒன்றும் ஆகாது. புடவைக்குப் பக்கத்திலேயே ‘பாவு சிவப்பு, ஊடை நீலம், வெயிலில் கத்தரிப்பூவாகத் தெரியும்’ என்று எழுதி, வெயிலில் எடுத்த படம் ஒன்றும் போடுங்கள். அப்படிப் போட்ட பிறகு ‘கலர் வேற’ என்று வருகிறவர் மனசு மாறியவர். போடாமல் விட்டால் அவர் சொல்வதுதான் நியாயம். இன்னொன்று, இழை செயற்கை இழை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ‘பட்டு’ என்று மட்டும் போட்டு விற்றால் எந்தப் பாலிசியும் உங்களைக் காப்பாற்றாது.

அப்புறம் அந்த இரண்டு பக்க ஆங்கிலம். இது நான் வாராவாரம் பார்க்கிற கூத்து. சேலம் குகைப் பக்கம் ஒரு கடையின் பாலிசியில் தகராறு வந்தால் கலிஃபோர்னியா சட்டப்படி தீர்க்கப்படும் என்று இருந்தது, திருப்பி அனுப்பினால் பதினைந்து சதவீதம் ‘ரீஸ்டாக்கிங்’ கட்டணம் வேறு. கடைக்காரர் அதைப் படித்ததே இல்லை. வெப்சைட் செய்கிறவர்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு அதற்குத் தனியாகக் காசும் வாங்குகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கன்ஸ்யூமர் கோர்ட்டே வராத மாதிரி எழுதித் தர்றேன்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அப்படி ஒரு எழுத்தே கிடையாது, ஒரு பைசா கொடுக்காதீர்கள். பேமென்ட் கேட்வேக்காரர்களும் ரீஃபண்ட் பக்கம் இருந்தால்தான் கணக்குத் திறப்போம் என்கிறார்கள், ஆனால் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அதனால்தான் இந்த ஒட்டு வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு வியாதி ‘பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது’ என்ற வரி. எல்லாரும் போடுகிறார்கள் என்று நீங்களும் போடாதீர்கள். விதியில் வீடியோ என்ற பேச்சே இல்லை. அதைவிட, வாங்க வந்தவரைத் திருடர் மாதிரி பார்க்கிற வரி அது. கடை வாசலில் நின்றுகொண்டு ‘பையைத் திறந்து காட்டு’ என்று கேட்போமா? ‘வீடியோ இருந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம், இல்லாவிட்டால் போட்டோ போதும்’ என்று எழுதினால் கேட்டதும் கிடைக்கும், மரியாதையும் இருக்கும்.

உங்களுக்கு நான் எழுதித் தருவது இவ்வளவுதான்:

‘புடவை கைக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில் முழுசாக விரித்துப் பாருங்க. நெசவில் குறை இருந்தாலோ, நாங்கள் எழுதியதற்கு மாறாக இருந்தாலோ வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புங்க. கூரியர் செலவு எங்களுடையது. வேறு புடவையா, பணமா என்பது உங்கள் விருப்பம். பிடிக்கவில்லை என்றாலும் வந்த 5 நாளுக்குள் சொன்னால் மாற்றித் தருவோம், திருப்பி அனுப்பும் கூரியர் மட்டும் உங்களுடையது. புடவை எங்கள் கைக்கு வந்து 3 நாளில் பணத்தை அனுப்பிவிடுவோம், பேங்கில் ஏற இன்னும் சில நாள் ஆகலாம்.’

‘5 நாள்’ பிடிக்காதவருக்கு மட்டும்தான், கவனித்தீர்களா? நெசவுக் குறைக்கும் அதே கெடு வைத்தால் வம்பு. அங்கேதான் எல்லாரும் இடறுகிற ஒரு விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘ஃபால்ஸ் தைத்தாலோ, பிளவுஸ் வெட்டினாலோ எடுக்க மாட்டோம்’ என்று எல்லாக் கடையும் எழுதுகிறது. மனசு மாறியவருக்கு அது சரி, பிளவுஸை வெட்டிய புடவையை யாரிடம் விற்பீர்கள்? ஆனால் நெசவுக் குறை பல சமயம் தையல்காரர் மேசையில்தான் தெரியவரும். வாங்கியவர் முந்தானையும் பார்டரும் பார்ப்பார், உடம்புப் பகுதியில் நடுவில் இழை விட்டுப்போன கோடு ஃபால்ஸ் வைக்க விரிக்கும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் பிளவுஸ் வெட்டியாயிற்று. இப்போது ‘வெட்டியாச்சு, எடுக்க மாட்டோம்’ என்றால் பழுதான பொருளை மறுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆகவே அந்த வரியை இப்படி எழுதுங்கள்: ‘பிளவுஸ் வெட்டிய, ஃபால்ஸ் தைத்த புடவையைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுக்க இயலாது. தைக்கும்போது நெசவுக் குறை தெரிந்தால் தையலை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்க.’ கத்தரி பட்ட வெட்டும் நெசவுக் குறையும் ஒன்றில்லை, போட்டோவிலேயே தெரியும். நெசவில் விட்ட இழை பாவோ ஊடையோ போகிற போக்கில் நேராக ஓடும், கத்தரி பட்ட இடத்தில் இழை முனை அறுந்து பிசிறாக நிற்கும்.

நஷ்டக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1,450 ரூபாய் புடவை, அனுப்ப 80, திரும்ப வர 90, கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்தால் 34. ரீஃபண்ட் கொடுத்தாலும் அந்த 34 பொதுவாகத் திரும்பாது. எல்லாம் நீங்களே ஏற்றால் ஒரு ரிட்டர்னுக்கு 204 ரூபாய், மாசம் நாலு என்றால் 816. மாசம் 50 புடவை போகிறது என்று வைத்தால் ஒன்றுக்கு 16 ரூபாய் சொச்சம். விலையில் 20 ஏற்றினால் முடிந்தது. இந்தப் பதினாறு ரூபாய்க்காகவா வாடிக்கையாளரைக் கமெண்டில் சண்டை போட வைக்க வேண்டும்?

கடைசியாக, புகார் கேட்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பும் வெப்சைட்டில் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ‘பார்த்துவிட்டோம்’ என்று பதில், ஒரு மாசத்துக்குள் தீர்வு. பெரிய கம்பெனிகளை மனசில் வைத்து எழுதின விதி போலிருக்கிறது, ஒரு ரூமில் பார்சல் கட்டுகிறவருக்கு ஆபீசர் எங்கே வைப்பது! சரி, உங்கள் பெயரையும் நம்பரையும் போட்டு ‘குறை இருந்தால் என்னிடமே சொல்லுங்க’ என்று எழுதிவிடுங்கள். மேலே சொன்ன ஐந்தாறு வரியைச் சின்னச் சீட்டாக அச்சடித்துப் புடவை மடிப்புக்குள்ளும் வையுங்கள், வெப்சைட்டில் படிக்காதவர் அங்கேயாவது படிப்பார்.