லண்டனில் மச்சானோட கடை: பங்கா, கொம்பனியா?

"அண்ணை, வந்து எட்டு மாதம். மனைவி நேர்ஸ், நான் அவவின்ர டிபென்டன்ட் விசா. மச்சானும் நானும் சேர்ந்து ஹரோ பக்கம் ஒரு பலசரக்குக் கடை எடுக்க யோசிக்கிறம். கொம்பனி திறந்தால் வரி குறையும் எண்டு ஒராள் சொல்லுறார், சும்மா ரெண்டு பேருமாச் செய்யுங்கோ எண்டு இன்னொராள். எது நல்லது?"

தம்பி, உங்கட விசாவில சொந்தத் தொழில் செய்யலாம், அதில பிரச்சினை இல்லை. மச்சான் என்ன விசா எண்டதை முதல் கேளுங்கோ. ஸ்ருடன்ட் விசா எண்டால் இந்தக் கதையை இதோட விடுங்கோ, அவருக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை.

வரிக் கதையை முதல் முடிப்பம். வருசம் செலவெல்லாம் போய் 40,000 பவுண்ஸ் லாபம் எண்டு வையுங்கோ. நீங்கள் தனியாளா, சோல் ட்ரேடராச் செய்தால் முதல் 12,570க்கு வரி இல்லை. மிச்சம் 27,430க்கு 20 வீதம் வருமான வரி, 6 வீதம் நஷனல் இன்சூரன்ஸ். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,130. அதே லாபத்தை ஒராள் கொம்பனிக்குள்ள வைச்சால், 12,570 சம்பளம் எடுத்து, அந்தச் சம்பளத்துக்குக் கொம்பனி தன்ர பங்கு இன்சூரன்ஸ் கட்டி, மிச்சத்துக்கு 19 வீதம் கோர்ப்பரேஷன் ரக்ஸ் கட்டி, பிறகு மிஞ்சின லாபத்தைப் பங்குக்காரரா, டிவிடென்டா எடுக்கேக்க 2026 ஏப்ரலில இருந்து வந்த 10.75 வீதத்தையும் கட்டினால் 8,360க்கு மேல போகுது. "கொம்பனி எண்டால் வரி குறைவு" எண்டது டிவிடென்டுக்குப் பெரிய சலுகை இருந்த காலத்துக் கதை. லாபம் முழுவதையும் வீட்டுச் செலவுக்கு எடுக்கிற சின்னக் கடைக்காரருக்கு அது இப்ப பொருந்தாது. காசைக் கொம்பனிக்குள்ள விட்டு வைக்கக்கூடிய ஆளுக்குத்தான் கணக்கு மாறும்.

ஆனால் நீங்கள் ரெண்டு பேர். அதே 40,000ஐப் பங்காப் பிரிச்சால் ஆளுக்கு 20,000. ஆளாளுக்கு 12,570 கழியும், ஆளுக்கு 1,930 அளவில வரி, ரெண்டு பேருக்கும் 3,860. கொம்பனியில ரெண்டு பேரும் டைரக்டரா 12,570 சம்பளம் எடுத்தால், ஒராள் கொம்பனிக்குக் கிடையாத ஒரு சலுகை, எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ், உங்களுக்குக் கிடைக்கும். கொம்பனி கட்டவேண்டிய இன்சூரன்ஸ் அதில கழிஞ்சு போகும். எல்லா வரியும் சேர்த்து 4,010 அளவில வரும். வித்தியாசம் வெறும் 150 பவுண்ஸ். அக்கவுண்டனுக்குக் கொம்பனிக் கணக்கெண்டால் கூடக் குடுக்கவேணும், அது உண்மை. எண்டாலும் வரியைப் பார்த்து முடிவெடுக்கிற அளவுக்கு அங்க ஒண்டும் இல்லை.

முடிவெடுக்கவேண்டிய இடம் கடன். இதை நான் பட்டுத் தெரிஞ்சுகொண்டனான்.

சொந்தக்காரர் ஒருத்தரோட நானும் கடை வைச்சிருந்தன். ஒரு துண்டுக் கடுதாசியும் எழுதேல்லை, எங்களுக்குள்ள என்ன எழுத்து எண்ட நினைப்பு. மூண்டாம் வருசம் அவர் குடும்பத்தோட கனடாவுக்குப் போயிட்டார். ஒரு மாதத்தில மொத்தச் சாமான்காரரின்ர லோயரிட்ட இருந்து என்ர பேருக்குக் கடிதம் வந்தது, 18,000 பவுண்ஸ் பாக்கி எண்டு. உள்ளுக்க டெலிவரித் துண்டுகளின்ர கொப்பி. எல்லாத்திலயும் அவரின்ர கையெழுத்து, ஒண்டில கூட என்ரது இல்லை. நான் கையெழுத்து வைக்கேல்லை எண்ட சந்தோசத்தோட லோயரிட்ட போனன். அந்த மனுசி கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு, "இது பங்குத் தொழில், நீங்கள் வைக்கத் தேவையில்லை" எண்டா.

இங்க பங்குத் தொழிலுக்கு இன்னும் 1890ஆம் ஆண்டுச் சட்டம்தான். ரெண்டு பேர் லாபத்துக்காகச் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினால், எழுதினாலும் எழுதாட்டியும், பதிஞ்சாலும் பதியாட்டியும், அது பங்குத் தொழில்தான். கடையின்ர வழக்கமான அலுவலுக்கு ஒராள் வாங்குற கடன் மற்றவரையும் கட்டும். கடன் குடுத்தவர் பாதிப் பாதியாக் கேக்கவேணும் எண்டில்லை, ஆர் கைக்கு எட்டுறாரோ அவரிட்ட முழுவதையும் கேக்கலாம். கட்டின பிறகு மற்றவரிட்ட நான் பாதியைக் கேக்கலாம்தான். ரொறன்ரோவில இருக்கிறவரிட்ட எப்பிடிக் கேக்கிறது? கடைசியில வீட்டுக்குச் சேர்த்த முற்பணத்தில இருந்து கட்டினன். கட்டாமல் விட்டுக் கோர்ட் தீர்ப்பு வந்து, ஒரு மாதத்துக்குள்ளயும் கட்டாட்டி, அது ஆறு வருசம் பதிவில நிண்டு வீட்டு லோனையும் கெடுத்திருக்கும். அதே சட்டத்தில இன்னொண்டும் இருக்கு. வேற விதமாப் பேசி வைக்காட்டி லாபம் சரிபாதி, நீங்கள் முழு முதலையும் போட்டிருந்தாலும் சரிதான்.

சோல் ட்ரேடருக்கும் இதே மாதிரி வீடு வாசல் வரைக்கும் பொறுப்பு இருக்கு. ஆனால் அது தான் வாங்கின கடனுக்கு, தன்ர கையெழுத்துக்கு. அதனால நான் சொல்லுறது: தனியாச் செய்தால் சோல் ட்ரேடராத் தொடங்குங்கோ. மச்சானோட எண்டால் கொம்பனி. மச்சானைச் சம்பளத்துக்கு வைச்சுத் தனியாவும் நடத்தலாம், ஆனால் அவர் அதுக்குச் சம்மதிப்பாரோ தெரியாது.

கொம்பனி எண்டால் எல்லாத்துக்கும் கவசம் எண்டு நினைச்சிடாதேங்கோ. புதுக் கொம்பனிக்குக் கடை தாறவர் குத்தகைக் கடுதாசியோட பேர்சனல் கரண்டி எண்டு, கொம்பனி கட்டாட்டி நான் என்ர காசில கட்டுறன் எண்ட ஒரு தாளையும் நீட்டுவார். பாங்க் லோனுக்கும் அப்பிடித்தான். அதில கையெழுத்து வைச்ச அளவுக்குக் கவசம் போயிட்டுது. ரெண்டு பேரும் சேர்ந்து வைச்சால் பெரும்பாலும் மறுபடி அதே கதை, முழுத் தொகையையும் ஒராளிட்டக் கேக்கலாம். சாமான்காரர் கணக்குத் திறக்கிற போமிலயும் அடியில சின்ன எழுத்தில இதே வசனம் வரும். நிரப்ப முதல் கடைசிப் பக்கத்தை வாசியுங்கோ.

மற்றது, கல்லாவில இருக்கிற காசு இனி உங்கட காசில்லை, கொம்பனியின்ர காசு. சம்பளமோ டிவிடென்டோ இல்லாமல் எடுத்தால் அது டைரக்டர் கடன். வருசக் கணக்கு முடிஞ்சு ஒன்பது மாதத்தில திருப்பி வைக்காட்டிக் கொம்பனி அதுக்குத் தனியா வரி கட்டவேணும். கொம்பனிகளைப் பதியிற அரச அலுவலகம், கொம்பனீஸ் ஹவுசுக்குக் கணக்குப் பிந்தினால், ஒரு பவுண் வியாபாரம் நடக்காட்டியும், முதல் மாதத்திலயே 150 பவுண்ஸ் தண்டம். பதியேக்க குடுக்கிற விலாசம் இணையத்தில எல்லாருக்கும் தெரியும். வீட்டு விலாசத்தைக் குடுக்காதேங்கோ.

பங்கை 50-50 எண்டு போட்டால் ரெண்டு பேரும் முறுகிற நாளில ஒண்டும் அசையாது. ஆர் விலகினால் அவற்ர பங்கை மற்றவர் என்ன கணக்கில வாங்கிறது எண்டு, இப்ப ரெண்டு பேரும் சிரிச்சுக் கதைக்கேக்கயே ஒரு லோயரை வைச்சு எழுதுங்கோ. கடை தாறவரிட்ட அந்தப் பேர்சனல் கரண்டிக்குப் பதிலா ஆறு மாத வாடகையை டெப்பொசிட்டா எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ. நான் ரெண்டாவது கடை எடுக்கேக்க கேட்டனான், ஆள் ரெண்டு நாள் யோசிச்சிட்டுச் சம்மதிச்சார்.