மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாடு வேலை: சேருமுன் எதைப் பார்ப்பது? கேள்வி பதில்

கோத்தகிரி தம்பி: அக்கா, எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். ஆலத்தூரில் ஒரு சின்ன ஆலை, ஓசூரில் ஒரு ஏற்றுமதி ஆலை, இரண்டிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி உண்டு. அப்படியென்றால் தரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்தானே?

பாதி சரி. ஆய்வாளர்கள் வந்துபோன நாளில் ஆலை எப்படி இருந்தது என்பதைத்தான் அந்த அனுமதி சொல்லும். fda.gov தளத்தில் Warning Letters பகுதியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கடிதம் இருந்தால் எந்த ஊர் ஆலை, எந்த வருடம், பிறகு குறைகள் சரியாயின என்று முடித்துவைத்த கடிதம் வந்ததா என்று பாருங்கள். தரையில் ஈரம், பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டது என்பவை திருத்தக்கூடியவை. சோதனை முடிவை அழித்தார்கள், யார் எப்போது எதை மாற்றினார் என்று கருவி தானாகப் பதியும் ஆடிட் ட்ரெயிலை அணைத்து வைத்தார்கள் என்று இருந்தால் நான் போக மாட்டேன்.

பழைய பெயரையும் நம்பிவிட முடியாது. 1907-இல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்தி உரிமமே 2008-இல் ஜி.எம்.பி. என்னும் நல்ல உற்பத்தி நடைமுறைகளில் இருந்த குறைகளுக்காக நிறுத்தப்பட்டு, 2010-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆலத்தூர் ஆலையிடம், மருந்து ஆலைகளுக்கான இந்திய உற்பத்தி விதிகளான ஷெட்யூல் எம் திருத்தப்பட்ட பிறகு ஆய்வு நடந்ததா என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அதே தம்பி: இன்டர்வியூவில் அவர்கள்தானே கேட்பார்கள்? நான் என்ன கேட்க முடியும்?

ஒரே ஒரு கேள்வி போதும்: "முடிவு வரம்புக்கு வெளியே வந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?"

மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் அஸ்ஸேயின் வரம்பு 95 முதல் 105 சதவீதம், உங்களுக்கு 93.6 வருகிறது என்று வையுங்கள். நல்ல ஆய்வகத்தில் கரைசலைக் கொட்டவே விட மாட்டார்கள். உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும். எடை போட்ட சீட்டு, நீர்த்த கணக்கு, மருந்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பீக் வடிவம், ஸ்டாண்டர்ட் சரியாக ஓடியதா என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்பீர்கள். ஆய்வகத் தவறு என்று ஆதாரம் கிடைத்தால் அதை எழுதிவைத்த பிறகுதான் மறுசோதனை. கிடைக்காவிட்டால் விசாரணை உற்பத்திப் பிரிவுக்குப் போகும். 93.6 என்ற எண் பதிவில் அப்படியே இருக்கும்.

"இன்னொரு தடவை இன்ஜெக்ட் பண்ணிப் பார்ப்போம், பெரும்பாலும் வந்துவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் கிளம்பிவிடுங்கள். ஆய்வகத்தைச் சுற்றிக்காட்டினால், கருவிக்கு ஆளுக்கொரு லாகின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொது பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தில் அடுத்தவர் செய்த காரியத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேரும்.

கூடலூர் நண்பர்: நான் ஐந்து வருடமாக தரக்கட்டுப்பாட்டில், அதாவது க்யூ.சி.யில் இருக்கிறேன். மூன்று ஷிப்ட். இன்னும் மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் டிசொல்யூஷன் சோதனையைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறையிலேயே வளர்ச்சி இல்லை. தம்பிக்கு அதைச் சொல்லுங்கள் மேடம்.

துறை முழுக்க அப்படி இல்லை, ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. எச்.பி.எல்.சி. வரிசை ராத்திரி முழுக்க ஓடும், மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் அவசரம் வரும், அதனால் ராத்திரி ஷிப்டைத் தவிர்க்க முடியாது. ஆனால் மாதக் கடைசி தவிர மற்ற வாரங்களிலும் தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாக நிற்கிறீர்கள் என்றால் அங்கே ஆள் போதவில்லை.

இந்த ஐந்து வருடத்தில், மருந்து எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி, சோதனை முறை நம்பகமானதா என்று நிரூபிக்கும் மெத்தட் வேலிடேஷன், விசாரணை அறிக்கை எழுதுவது, இவற்றில் ஒன்றையாவது கையில் கொடுத்தார்களா? அடுத்த இடத்தில் கேட்பது அதைத்தான். கேட்டும் கொடுக்கவில்லை என்றால் மாறுங்கள். ஆனால் அப்பா அம்மாவைக் கூடலூரில் விட்டு ஹைதராபாத் போகலாமா என்பதை உங்களுக்காக நான் முடிவு செய்ய முடியாது.

கொடைக்கானல் அம்மா: பொண்ணு பி.ஃபார்ம். முடித்தாள். கிளினிக்கல் ரிசர்ச் வேலை என்கிறாள். அவள் உடம்பில் மருந்தைச் சோதிப்பார்களா? பயமாக இருக்கிறது.

இல்லை அம்மா. அவளுக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஒருங்கிணைப்பாளர் வேலைதான் கிடைக்கும். நோயாளிக்குத் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்கும் டாக்டருக்கு உதவுவது, வருகை நாட்களைக் கவனிப்பது, பதிவேடு வைப்பது. ஆபத்தான பக்கவிளைவு வந்தால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும், அந்த நாள் வீடு திரும்ப நேரமாகும்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், மருந்துச் சோதனைகளைப் பதியும் அரசுத் தளமான ctri.nic.in-இல் அந்த ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். எந்தெந்த இடத்தில் சோதனை நடக்கிறது என்று அங்கே பதிந்திருக்கும். வேலை நிச்சயம் என்கிறவர்கள் சொல்லும் ஆஸ்பத்திரி அதில் இல்லை என்றால், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி மாணவி: மலையை விட்டு இறங்காமலே வேலை கிடைக்காதா அக்கா?

குன்னூர் பாஸ்டர், ஊட்டி ஹியூமன் பயாலஜிகல்ஸ் இரண்டும் தடுப்பூசி இடங்கள். அங்கே நுண்ணுயிரியல் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம், காலியிடமும் எப்போதாவதுதான் வரும். மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி, பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் எண்டோடாக்சின் சோதனைகளைக் கற்றுக்கொண்டு கீழே இரண்டு வருடம் இருந்துவிட்டு விண்ணப்பித்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.