'அவர் டாக்டர்'னு சொல்றப்போ வினையே இல்லையே, இங்கிலீஷ் 'இஸ்' மாதிரி ஒண்ணு தமிழ்ல ஏன் இல்ல? இது குறைதானே?

இங்கிலீஷ் கிராமரை வச்சே தமிழையும் அளந்து பாக்கப் பழகிட்டீங்கன்னு நினைக்கிறேன், உங்க தப்பில்ல, நிறைய பேர் அப்படித்தான். ஆனா குறைன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். ரஷ்யன்லயும் 'ஒன் வ்ராச்', அதாவது 'அவர் டாக்டர்', அவ்ளோதான், நடுவுல ஒண்ணும் கிடையாது. பெயரே பயனிலையா வர்றதுக்கு தொல்காப்பியம் 'பெயர்கொள வருதல்'னு பேரே வச்சிருக்கு.

இதுல எனக்கு ஒரு பழைய கடுப்பு. ஒரு கம்பெனிக்குப் பாடம் மொழிபெயர்த்துக் குடுத்தப்போ 'இவர் என் அம்மா'ன்னு எழுதியிருந்தேன், வினை விட்டுப்போச்சுன்னு சொல்லி சரிபாக்கறவர் 'இவர் என் அம்மாவாக இருக்கிறார்'னு மாத்திட்டார். படிச்சா நாடகத்துல யாரோ அம்மா வேஷம் கட்டின மாதிரி இல்ல? 'ஆக இரு'ன்னு வந்தாலே இப்போதைக்கு ஏத்துக்கிட்ட வேலை, பொறுப்புங்கிற வாடை ஒட்டிக்கும். 'அவர் இங்க டாக்டரா இருக்கார்' சரி, நாளைக்கு வேலை மாறலாம். அம்மா மாறுவாங்களா? சொல்லிப் பாத்தேன், கேக்கல.

'அப்போ டாக்டரா இருந்தார்னு மட்டும் சொல்றோமே'ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஆமா. 'டாக்டரா இருந்தார்', 'டாக்டரா இருந்தா கேளு', இதுல எல்லாம் காலமோ நிபந்தனையோ ஒட்டிக்க ஒரு இடம் வேணும், 'டாக்டர்'ங்கிற பெயர்ல இறந்தகாலத்தை ஒட்ட முடியாது, அதுக்குத்தான் 'இரு' வந்து நிக்குது. ரஷ்யன்லயும் இதே கதைதான், இறந்தகாலம்னா 'ஒன் பில் வ்ராச்சம்'னு 'பில்' வந்துரும், டாக்டரோட வேற்றுமைகூட மாறிரும். நிகழ்காலத்துல ஆளை இன்னார்னு சொல்ல மட்டும்னா ஒட்ட வேண்டியது எதுவும் இல்ல, அதான் அங்க காலி.

தமிழ்தான் உசத்தின்னு சொல்ல வரல, அதுக்குள்ள சண்டைக்கு வராதீங்க. அரபியைப் பாருங்க. 'ஹாதா கிதாப்'னா 'இது ஒரு புத்தகம்', முழு வாக்கியம், வினை இல்ல. ஆனா குறிப்பிட்ட அந்தப் புத்தகம்னு சொல்ல 'அல்' சேர்த்து 'ஹாதல் கிதாப்'னு சொன்னா, கேக்கறவருக்கு 'இந்தப் புத்தகம்...'னு பாதியில நின்ன மாதிரி இருக்கும், இந்தப் புத்தகத்துக்கு என்னன்னு காத்துட்டு இருப்பார். அதனால நடுவுல 'அவன், அது'ங்கிற பிரதிப்பெயரைச் செருகி 'ஹாதா ஹுவல் கிதாப்'னு பிரிச்சுக் காட்டுவாங்க, 'இதுதான் அந்தப் புத்தகம்'. நமக்கு இந்தச் சிக்கலே வராது, ஏன்னா 'இது' வேற, 'இந்த' வேற, ரெண்டுக்கும் வடிவமே தனி. ஆனா அந்த 'ஹுவ' ஒண்ணும் வினை இல்ல, காலமெல்லாம் காட்டாது. நேத்து நடந்ததுன்னு சொல்லணும்னா அவங்களும் 'கான'ங்கிற வினையைத்தான் கொண்டு வரணும்.