மூன்று கற்பித்தல் முறைகள், மூன்று டி-சோதனைகள்: அனோவா எதற்கு?

கேள்வி: எம்.எட். ஆய்வுக்காக 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 90 பேரை, முப்பது முப்பது பேராக மூன்று குழுவாக்கி, ஒரே அறிவியல் பாடத்தை விரிவுரை, குழுச் செயல்பாடு, காணொளி என மூன்று முறையில் நடத்தினேன். முடிவில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. சராசரி மதிப்பெண் முறையே 60, 65.5, 67. திட்ட விலக்கம் மூன்றிலும் 10. இரண்டிரண்டாக மூன்று டி-சோதனை போட்டேன். விரிவுரையைவிட மற்ற இரண்டுமே சிக்னிஃபிகன்ட் என்று வந்தது. வழிகாட்டி அனோவா போடச் சொல்கிறார். விடைதான் கிடைத்துவிட்டதே, எதற்கு இன்னொன்று?

பதில்: உங்கள் வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். அனோவா போட்டு, அதன் பிறகு டூக்கி சோதனையும் போடுங்கள். அப்படிப் போட்டால் உங்கள் இரண்டு முடிவுகளில் ஒன்று நிற்கும், மற்றொன்று நிற்காது.

முதலில் காரணம். 5 சதவீத அளவில் ஒரு டி-சோதனை போடுகிறோம் என்றால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் நூற்றில் ஐந்து முறை ‘வேறுபாடு உண்டு’ என்று அது தவறாகச் சொல்லலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் போடுகிறோம். நீங்கள் மூன்று சோதனை போட்டிருக்கிறீர்கள். மூன்று முறைகளும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்று வைத்துக்கொண்டாலும், மூன்றில் ஏதாவது ஒன்றாவது தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காது. பாடநூல்களில் 1 − 0.95³ என்று கணக்கிட்டு 14.3 சதவீதம் என்பார்கள். அது மூன்று சோதனைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் சரி. இங்கே விரிவுரைக் குழுவின் அதே முப்பது பேர் இரண்டு ஒப்பீடுகளில் வருகிறார்கள், மற்ற குழுக்களும் அப்படியே. அதனால் சரியான அளவு 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் ஆய்வேட்டில் எழுதப்போகும் 5 சதவீதத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அனோவா இந்த மூன்று கேள்விகளையும் ஒரே கேள்வியாக்கிக் கேட்கிறது: மூன்று சராசரிகளும் ஒன்றுதான் என்று நம்ப இடம் இருக்கிறதா? உங்கள் எண்களிலேயே பார்ப்போம். மூன்று குழுவுக்கும் பொதுவான சராசரி 64.17. ஒவ்வொரு குழுவின் சராசரியும் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கமாக்கி, 30-ஆல் பெருக்கிக் கூட்டினால் 815 வரும். குழுக்கள் மூன்று என்பதால் 2-ஆல் வகுக்க வேண்டும், 407.5. இது குழுக்களுக்கு இடையே உள்ள மாறுபாடு. குழுவுக்குள்ளே மாணவருக்கு மாணவர் உள்ள மாறுபாடு, திட்ட விலக்கம் 10 என்பதால், 100. முன்னதைப் பின்னதால் வகுத்தால் எஃப் மதிப்பு 4.08. பி மதிப்பு 0.02. ஆக, மூன்று சராசரிகளும் ஒன்றே என்ற இன்மைக் கருதுகோளை விட்டுவிடலாம்.

ஆனால் எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதை எஃப் மதிப்பு சொல்லாது. பலர் இந்த இடத்தில்தான் மறுபடி டி-சோதனைக்குத் திரும்புகிறார்கள். அதற்குப் பதில் டூக்கி சோதனை போடுங்கள். மூன்று ஒப்பீடுகளுக்கும் சேர்த்துப் பிழையை 5 சதவீதத்துக்குள் வைப்பதற்காகவே அது இருக்கிறது. உங்கள் தரவுக்கு டூக்கி கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி 6.16 மதிப்பெண். காணொளிக்கும் விரிவுரைக்கும் இடைவெளி 7, அது தேறுகிறது. குழுச் செயல்பாட்டுக்கும் விரிவுரைக்கும் 5.5, அது தேறவில்லை. உங்கள் டி-சோதனையில் இதே 5.5-க்கு பி மதிப்பு 0.037 என்று வந்திருக்கும். தனியாகப் பார்த்தால் பரவாயில்லை, மூன்றில் ஒன்றாகப் பார்த்தால் போதாது.

இதை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘காணொளி விரிவுரையைவிட மேல், குழுச் செயல்பாடு விரிவுரையைவிட மேல் இல்லை, ஆகவே காணொளி குழுச் செயல்பாட்டைவிட மேல்’ என்று எழுதிவிடாதீர்கள். அவை இரண்டுக்கும் இடைவெளி வெறும் 1.5 மதிப்பெண்தான். அதேபோல 5.5 தேறவில்லை என்பதால் ‘வேறுபாடு இல்லை’ என்றும் எழுதக்கூடாது. டூக்கி தரும் இடைவெளி எல்லை −0.66 முதல் 11.66 வரை. அதாவது குழுச் செயல்பாட்டால் ஒன்றும் கூடாமலும் இருக்கலாம், பத்து மதிப்பெண்ணுக்கு மேல் கூடியும் இருக்கலாம். இந்த 90 பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது என்று எழுதுவதுதான் நேர்மை. இந்த எல்லைகளை அட்டவணையில் கட்டாயம் போடுங்கள். பி மதிப்பை மட்டும் போடுவதைவிட அதுதான் ஆசிரியர்களுக்கு உதவும்.

ஆர் மென்பொருளில் இவ்வளவுதான்:

```r
m <- aov(mark ~ method, data = d)
summary(m)
TukeyHSD(m)
```

எஸ்பிஎஸ்எஸ் என்றால் One-Way ANOVA பக்கத்தில் Post Hoc பொத்தானை அழுத்தி Tukey-யைத் தேர்ந்தெடுங்கள். திட்ட விலக்கங்கள் இவ்வளவு ஒத்து வராமல், ஒன்று 6, இன்னொன்று 14 என்று இருந்திருந்தால் வெல்ச் அனோவாவும் கேம்ஸ்-ஹவல் சோதனையும் போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். சரியாக மூன்றே குழு இருக்கும்போது, முதலில் அனோவா போட்டு, அது சிக்னிஃபிகன்ட் என்று வந்தால் மட்டும் சாதாரண டி-சோதனைக்குப் போவது ஏற்கத்தக்க வழிதான். ஃபிஷரின் எல்எஸ்டி என்று அதற்குப் பெயர். மூன்று குழுவுக்கு அது பிழையை 5 சதவீதத்துக்குள்ளேயே வைக்கும், நான்கு குழு ஆனால் அந்தக் காப்பு போய்விடும். அந்த வழியில் போனால் உங்கள் 5.5-உம் தேறிவிடும். ஆனால் எந்த வழி என்று தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எது தேறும் என்று தெரிந்த பிறகு அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த 5 சதவீதத்துக்கு அர்த்தம் இல்லை. நீங்கள் முடிவுகளைப் பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் டூக்கி என்கிறேன்.

அப்புறம், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 90 பேரையும் குலுக்கல் முறையில் பிரித்தீர்களா, இல்லை ஏ, பி, சி பிரிவுகளை அப்படியே மூன்று குழுவாக எடுத்துக்கொண்டீர்களா? பிரிவுகளை அப்படியே எடுத்திருந்தால், காணொளியின் பலனையும் அந்தப் பிரிவின் தரத்தையும் பிரித்துப் பார்க்க அனோவாவாலும் முடியாது, டி-சோதனையாலும் முடியாது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பது பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நகரும். முப்பது தனித்தனி மாணவர்கள் என்று கணக்குப் போட்டால் பி மதிப்பு உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். முன்தேர்வு மதிப்பெண் கையில் இருந்தால் `aov(mark ~ pre + method, data = d)` என்று அன்கோவா போடுங்கள். தொடக்கத்திலேயே முன்னால் இருந்த பிரிவுக்குக் கிடைத்த சாதகத்தை அது ஓரளவு கழித்துவிடும். ஆசிரியர் வேறு, பாடவேளை வேறு என்பதால் வந்த வேறுபாட்டை அதுவும் நீக்காது. அப்படி இருந்தால், முறைக்கு ஒரு பிரிவு மட்டுமே இருந்தது என்பதை ஆய்வின் வரம்புகளில் முதல் வரியாக எழுதுங்கள்.